ஒரு தாளில் ஒரு நோயாளி: புற்றுநோயின் நிலையை வகுக்கும் பணித்தாள்

(மருத்துவக் கல்லூரி மாணவர்களும் மாவட்டச் சுகாதார அலுவலர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பில் நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



மருத்துவமனைகளில் டியூமர் போர்டு என்று வழங்கும் புற்றுநோய்க் கலந்தாய்வுக் குழுவின் கூட்டத்தை உங்களில் சிலர் பார்த்திருக்கக் கூடும். அறுவை மருத்துவர், கதிர்ப்பட மருத்துவர், நோய்க்குறியியல் மருத்துவர், கதிர்வீச்சுச் சிகிச்சை மருத்துவர், மருந்துச் சிகிச்சை மருத்துவர் ஆகியோர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒரு நோயாளிக்கு என்ன சிகிச்சை என்பதை முடிவு செய்கிறார்கள். ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களில் அவர்கள் முன் வைக்கப்படும் ஒற்றைத் தாளைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். அதைப் பெரும்பாலும் எழுதுபவர் குழுவிலேயே இளையவரான பயிற்சி மருத்துவர். நாளை அது உங்களில் பலருடைய வேலையாக இருக்கும்.

நிலை வகுத்தல் என்பது புதிதல்ல. பிரான்சு நாட்டு அறுவை மருத்துவர் பியேர் தெனுவா 1943க்கும் 1952க்கும் இடையே இந்த முறைக்கு உருக்கொடுத்தார். முதற்கட்டி எவ்வளவு பெரியது, அண்டையிலுள்ள நிணநீர்க் கணுக்களில் பரவியுள்ளதா, உடலின் தொலைவான உறுப்புகளுக்குச் சென்றுள்ளதா என்ற மூன்று வினாக்களே அதன் அடிப்படை. இவற்றை முறையே T, N, M என்ற எழுத்துகளால் குறிக்கிறோம். மூன்றும் சேர்ந்து, ஒன்று முதல் நான்கு வரையிலான நிலையைத் தருகின்றன. உறுப்புக்கு உறுப்பு விதிகள் வேறுபடும். பதிப்புக்குப் பதிப்பு அவை மாறவும் செய்யும். ஆகவே, தாளின் தலைப்பிலேயே எந்த உறுப்பு, விதிநூலின் எந்தப் பதிப்பு என்று எழுதிவிட வேண்டும். நான் சொல்லப்போவது வாய்ப் புற்றுநோய் பற்றியது. 8ஆம் பதிப்பின் விதிகளைக் கொண்டு வகுத்தது.

நம் நாட்டு மருத்துவமனைகளில் மிகுதியாகக் காணப்படும் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் தறி நெய்பவர் ஒருவர், வயது 46. புகையிலையைச் சுண்ணாம்புடன் கசக்கி, வலக் கன்னத்தில் அடக்கிவைக்கும் பழக்கம் இருபது ஆண்டுகளாக உண்டு. கன்னத்தின் உட்புறத்தில் புண் தோன்றிற்று. அருகிலிருந்த கடைவாய்ப் பல் ஆடியது. தம் ஊரில் பல்லைப் பிடுங்கிக்கொண்டார், புண் ஆறவில்லை. அதன் பிறகே பெரிய மருத்துவமனைக்கு வந்தார். அடையாளம் தெரியாதபடி விவரங்களைச் சிறிது மாற்றியே சொல்கிறேன்.

எங்கள் பணித்தாள் நான்கு பத்திகள் கொண்டது. முதற்பத்தியில் வினா, இரண்டாவதில் கண்ட செய்தி, மூன்றாவதில் அச்செய்தி எங்கிருந்து, எந்தத் தேதியில் கிடைத்தது என்பது, நான்காவதில் ஐயம். T, N, M ஆகியவற்றுக்கான கட்டங்கள் தாளின் அடியில் உள்ளன. குழு கூடும்வரை அவை வெறுமையாகவே இருக்க வேண்டும். பயிற்சி மருத்துவர்களுக்கு முதலில் இது பிடிக்காது. விடையை எழுதாமல் தாளைக் கொடுப்பது அரைகுறை வேலைபோல் அவர்களுக்குத் தோன்றும். ஆனால் விடை முதலில் எழுதப்பட்டுவிட்டால், மேசையைச் சுற்றியுள்ள அனைவரும் அதையே படிப்பார்கள். அதற்கு அடிப்படையான அளவை யாரும் கேட்கமாட்டார்கள். கண்டது வேறு, கருதியது வேறு. இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் பிறகு பிரிக்க முடியாது.

தறித் தொழிலாளியின் தாளைப் பார்ப்போம். கையால் தொட்டும் அளவுகோல் வைத்தும் பார்த்ததில், வலக் கன்ன உட்சவ்வில் 3.5 செ.மீ. நீளமுள்ள, மேலெழுந்து வளர்ந்த கட்டி. வாய் நன்கு திறக்கிறது. கன்னத்தின் வெளித்தோல் இயல்பாக உள்ளது. வலத் தாடைக்குக் கீழே 2 செ.மீ. அளவில் நெறி கட்டியிருக்கிறது. அது கெட்டியாக இருந்தாலும் விரலுக்கு அசைகிறது. திசுப் பரிசோதனைக்காக எடுத்த துணுக்கில் செதிளணுப் புற்றுநோய் உறுதிப்பட்டது. அந்தத் துணுக்கில் புற்று 3 மி.மீ. ஆழம்வரை காணப்படுகிறது என்றும் அறிக்கையில் இருந்தது. பயிற்சி மருத்துவர் இதைக் கட்டியின் ஆழம் என்ற வரியில் எழுதிவிட்டார். இது எளிதில் நேரும் பிழை. கிள்ளி எடுத்த துணுக்கு எவ்வளவு தடிமனோ அவ்வளவுதான் அதில் தெரியும். கட்டியின் அடி அதில் இல்லை. அந்த 3 மி.மீ. என்பது “குறைந்தது இவ்வளவு” என்ற செய்தி மட்டுமே. அதைத் திசுப் பரிசோதனை வரிக்கு மாற்றினோம்.

ஆழத்திற்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். 8ஆம் பதிப்பு வருமுன், வாய்ப் புற்றின் T வகையைப் பெரும்பாலும் நீள அகலமே தீர்மானித்தது. அந்தப் பதிப்பு, கட்டி எவ்வளவு ஆழமாக வேரோடியுள்ளது என்பதையும் சேர்த்தது. 2 செ.மீ.க்கு மேல் 4 செ.மீ. வரையுள்ள கட்டி, 10 மி.மீ. ஆழத்தைத் தாண்டாவிட்டால் T2, தாண்டினால் T3. நீளம் எவ்வளவாயினும், தாடை எலும்பின் புறணியைத் துளைத்து உட்சென்றிருந்தால் T4a. இந்த நோயாளியைப் பொறுத்தவரை இம்மூன்று வகைகளை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

சி.டி. ஸ்கான் அறிக்கை வந்தது. ஆழம் ஏறத்தாழ 8 மி.மீ.; கழுத்தில் ஒரே ஒரு கணு, 2.2 செ.மீ.; கீழ்த்தாடையின் மேல்விளிம்பில் ஓரிடத்தில் எலும்பு அரிக்கப்பட்டதுபோல் தோற்றம். இந்தக் கடைசி வாக்கியம் சிறியதுதான். ஆனால் அதை அப்படியே ஏற்றால் கட்டி T2 அல்ல, T4a. அறுவைச் சிகிச்சையும் மாறிவிடும். எலும்பு பாதிக்கப்படவில்லையென்றால், தாடையின் மேல்விளிம்பை மட்டும் சீவி எடுத்து, கீழ்விளிம்பின் தொடர்ச்சியைக் காக்கலாம். எலும்பினுள் புற்று புகுந்திருந்தால், தாடையின் ஒரு துண்டையே முழுதாக வெட்டியெடுக்க வேண்டும். பெரும்பாலும் காலிலிருந்து எலும்பை எடுத்து அவ்விடத்தை நிரப்ப வேண்டியும் வரும். உணவு மெல்லுதல், பேச்சு, முகத்தோற்றம், தறிக்குத் திரும்பும் நாள் யாவும் அந்த ஒரு வாக்கியத்தில் தொங்குகின்றன.

இங்கேதான் தாளின் மூன்றாம் பத்தி உதவிற்று. ஒவ்வொரு செய்திக்கும் தேதி எழுதப்பட்டிருந்தது. படம் எடுப்பதற்கு முன் வாயில் என்னென்ன செய்யப்பட்டது என்று ஒரு வரியும் எங்கள் தாளில் உண்டு. பல் பிடுங்கப்பட்டது படம் எடுப்பதற்கு மூன்று வாரங்களுக்கு முன். அரிப்பு தெரிந்த இடமோ அதே கடைவாய்ப் பல்லின் இடம். பிடுங்கிய பல்லின் ஆறாத குழி, படத்தில் புற்று அரித்த எலும்பைப் போலவே தோன்றக்கூடும். கதிர்ப்பட மருத்துவருக்குப் பல் பிடுங்கிய செய்தி தெரிவிக்கப்படவில்லை. அவர் அறிக்கையில் தவறில்லை. குழுவில் அவரே எலும்புக்குரிய ஒளியமைப்பில், 1 மி.மீ. வெட்டுகளாக மீண்டும் பார்த்தார். குழியின் சுவர்கள் ஒழுங்காக இருந்தன. கட்டிக்கும் எலும்புக்கும் இடையே காற்றுக் கோடு ஒன்று தெளிவாகத் தெரிந்தது.

அந்தக் காற்றுக் கோடு தற்செயலாக வந்ததல்ல. படம் எடுக்கும்போது நோயாளியை வாயை மூடிக் கன்னத்தை ஊதச் சொல்ல வேண்டும். பலூன் ஊதுவதுபோல் கன்னம் உப்பினால், கன்னச் சவ்வும் ஈறும் பிரிந்து நிற்கும். கட்டி எதில் பிறந்தது, எதைத் தொடுகிறது என்பது தெரியும். ஊதாமல் எடுத்த படத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே நிழலாக விழும். கருவிக்கு எத்தனையோ கோடி செலவழிக்கிறோம். இதற்குச் செலவு ஏதுமில்லை. ஆனால் சொல்ல மறந்துவிடுகிறோம். கன்னம் ஊதி எடுக்கப்பட்டதா, இல்லையா என்று தாளில் ஒரு கட்டம் வைத்துள்ளோம். இல்லை என்றிருந்தால், எலும்பைத் தொடுகிறது என்ற வாக்கியத்தை அந்த அளவிலேயே மதிப்பிடுவோம்.

இத்தனைக்குப் பிறகும் ஐயம் முற்றாக நீங்கவில்லை. இரு வகைகளுக்கிடையே உண்மையான ஐயம் எஞ்சினால் குறைந்த வகையைத் தேர்க என்பது விதி. அதன்படி அடிக் கட்டத்தில் T2 என்று எழுதினோம். ஆனால் ஐயத்தை அழிக்கவில்லை. நான்காம் பத்தியில், “பற்குழிப் பகுதி எலும்பை நோய்க்குறியியல் பிரிவு தனியே பார்க்க வேண்டும்” என்று எழுதிவைத்தோம். நிலை வகுப்பதற்குரிய விதி வேறு. அறுவை மேசையில் எச்சரிக்கையாக இருப்பது வேறு. முன்னது குறைந்த வகையைச் சொல்வதால் பின்னதைத் தளர்த்திவிடக் கூடாது.

கணுவைப் பற்றியும் இதேபோன்ற சிக்கல். படத்தில் கணுவின் நடுப்பகுதி அழுகியிருந்தது; வெளிவிளிம்பு கூர்மையாக இல்லை. புற்று கணுவின் உறையைக் கிழித்து வெளியே பரவியிருக்கலாம் என்று அறிக்கை கூறிற்று. உறை கடந்த பரவல் என்பது வாய்ப் புற்றில் மிகக் கெட்ட அறிகுறி. அதை உறுதியாக ஏற்றால் நோயாளி நேரே N3b ஆகிவிடுவார். ஆனால் சிகிச்சைக்கு முந்தைய வகுப்பில் படம் மட்டும் இதற்குப் போதாது. தோலில் ஊடுருவியிருத்தல், ஆழ்ந்த தசையோடு ஒட்டி அசையாதிருத்தல், நரம்பு செயலிழத்தல் போன்ற, கையாலும் கண்ணாலும் அறியத்தக்க தெளிவான சான்று வேண்டும். படம் அதற்குத் துணை நிற்கலாம். இவருடைய கணு விரலுக்கு அசைந்தது. ஒரே பக்கம், ஒரே கணு, 3 செ.மீ.க்குள் அடங்கியது. எனவே N1. விளிம்பு பற்றிய ஐயம் மீண்டும் நான்காம் பத்திக்குச் சென்றது.

மார்புப் படத்தில் வலது நுரையீரலின் உச்சியில் சுண்ணாம்பு படிந்த சிறு முடிச்சு ஒன்று இருந்தது. பழைய காசநோயின் வடு நம் நாட்டில் அரிதல்ல. சுண்ணாம்பு படிந்த தோற்றமும் அதற்கே பொருந்திற்று. தொலைவுப் பரவல் இல்லை என்று எழுதினோம். ஆக, அறுவைக்கு முந்தைய வகுப்பு `cT2 cN1 cM0`. அதாவது மூன்றாம் நிலை. முன்னால் நிற்கும் சிறிய c, இது சிகிச்சைக்கு முன் உடற்பரிசோதனையாலும் படத்தாலும் அறிந்தது என்பதற்கு அடையாளம். அறுவைக்குப் பின் திசுவைப் பார்த்து வகுப்பதற்கு p. இரண்டாவது வந்ததும் முதலாவதை அடித்துத் திருத்தும் வழக்கத்தைப் பல இடங்களில் காண்கிறேன். அது கூடாது. எங்கள் தாளில் இரண்டுக்கும் தனித்தனி பாதிகள் உண்டு.

அறுவை நடந்தது. கட்டியும், தாடையின் மேல்விளிம்பும், வலக் கழுத்தின் கணுக்களும் என் துறைக்கு வந்தன. இனி நான் சொல்லப்போவது என் துறையின் குறைகளை.

எங்கள் முதல் வரைவில் “கட்டியின் தடிமன் 13 மி.மீ.” என்று இருந்தது. அதை ஆழம் என்று படித்தால் 10 மி.மீ.ஐத் தாண்டுகிறது, T3 ஆகிவிடும். ஆனால் தடிமனும் ஆழமும் ஒன்றல்ல. இந்தக் கட்டி மேலெழுந்து வளர்ந்தது. தரைக்கு மேலே நிற்கும் மரத்தையும் சேர்த்து அளந்துவிட்டு வேரின் நீளம் என்று சொன்னதுபோல் ஆயிற்று அது. ஆழத்தை அளக்க, கட்டியின் பக்கத்திலுள்ள நல்ல சவ்வின் அடித்தளப் படலத்தை மட்டமாகக் கொள்ள வேண்டும். அந்த மட்டத்திலிருந்து, கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல், புற்றின் மிக ஆழமான புள்ளிவரை நேர்க்கோடு இறக்கி அளக்க வேண்டும். அவ்வாறு அளந்தபோது 9 மி.மீ. கிடைத்தது. T2 நிலைத்தது. புண்ணாகிக் குழிந்த கட்டியில் இதற்கு நேர்மாறாக நடக்கும். மேற்பகுதி கரைந்துபோனதால் தடிமன் குறைவாகவும் ஆழம் அதிகமாகவும் இருக்கும். ஆகவே பணித்தாளில் தடிமன் என்ற சொல்லைக் கண்டாலே அளந்தவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். அதற்குச் சில நொடிகள்தான் ஆகும்.

எலும்பு மென்மையாக்கப்பட்டு வெட்டப்பட்டது. பற்குழியில் ஆறிவரும் திசு மட்டுமே இருந்தது, புற்று இல்லை. தாடையைக் காத்தது சரியென்று ஆயிற்று.

கணுக்களில் இரண்டில் புற்று இருந்தது. தாடைக்குக் கீழிருந்த பெரிய கணு ஒன்று. படத்தில் தென்படாத, 6 மி.மீ. அளவுள்ள மற்றொன்று அதற்குச் சற்றுப் பின்னால். முதலில் பார்த்த வெட்டுகளில் இரண்டின் உறையும் முழுதாகவே தெரிந்தது. அத்துடன் முடித்திருந்தால் `pN2b`. தாளின் நான்காம் பத்தியில் கணுவின் விளிம்பு பற்றிய ஐயம் எழுதப்பட்டிருந்ததால் மீண்டும் அந்தக் கணுவை எடுத்தோம். சுற்றியுள்ள கொழுப்புடன் சேர்த்து மீதியையும் மெழுகில் பதித்து, ஆழமான வெட்டுகள் எடுத்தோம். மூன்றாவது அடுக்கில், உறையைக் கடந்து 1.5 மி.மீ. தூரம் கொழுப்பினுள் புற்று சென்றிருந்தது.

ஒன்றரை மி.மீ. என்பது சிறிது. ஆயினும் விதிப்படி, உறை கடந்த பரவல் 2 மி.மீ.க்குள் அடங்கினாலும் அது பரவல்தான். சிறியது என்று குறித்துக்கொள்ளலாம், விட்டுவிட முடியாது. ஒன்றுக்கு மேற்பட்ட கணுக்களில் புற்று இருந்து, ஏதேனும் ஒன்றில் உறை கடந்திருந்தால் `pN3b`. மூன்றாம் நிலையில் அறுவை அறைக்குச் சென்றவர், நிலை IVB என்ற முடிவுடன் வெளியே வந்தார். முடிவான வரி: `pT2 pN3b cM0`. தொலைவுப் பரவலைத் திசுவில் காணாதபோது M முன்னால் c என்றே இருக்கும். பயிற்சி மருத்துவர்கள் ஒத்திசைவுக்காக அதையும் p ஆக்கிவிடுவார்கள்.

எண் மாறியதால் நோயாளிக்கு என்ன? அறுவைக்குப் பின் அவருக்குக் கதிர்வீச்சு எப்படியும் தேவைப்பட்டது. ஆனால் உறை கடந்த பரவல் இருப்பவர்களுக்குக் கதிர்வீச்சுடன் சிஸ்பிளாட்டின் மருந்தையும் சேர்ப்பது பயன் தருகிறது என்பதை, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்து 2004இல் வெளியான இரு பெரிய ஆய்வுகளின் விவரங்கள் காட்டின. அந்த மருந்து எளிதானதல்ல. சிறுநீரகத்தையும் செவியையும் தாக்கக்கூடியது. தேவையில்லாதவருக்குக் கொடுத்தால் கேடு. தேவையுள்ளவருக்குக் கொடுக்காவிட்டால் கழுத்தில் நோய் மீண்டும் தலைதூக்கும் வாய்ப்பு கூடும். இதனால்தான் ஒன்றரை மி.மீ.ஐத் தேடி இன்னொரு நாள் செலவிட்டோம்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது பணிபுரிந்த மருத்துவமனையில் ஒரு பெண்மணியின் அறிக்கையை நானே எழுதினேன். உறை கடந்த பரவலை நுண்ணோக்கி விவரத்தின் நடுவில், மூன்றாம் பத்தியில் குறிப்பிட்டிருந்தேன். இறுதி முடிவு என்ற தலைப்பின் கீழ் எழுதத் தவறினேன். குழுவுக்கான தாளை எழுதியவர் இறுதி முடிவை மட்டும் பார்த்து எழுதினார். அம்மையாருக்குக் கதிர்வீச்சு மட்டும் கொடுக்கப்பட்டது. பத்து மாதங்களுக்குப் பின் கழுத்தில் கட்டியுடன் வந்தார். மருந்து சேர்த்திருந்தால் வந்திருக்காது என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் கோப்பை மறுபடி திறந்தபோது மூன்றாம் பத்தியில் என் வாக்கியம் இருந்தது. என் கையெழுத்தும் இருந்தது. அன்றிலிருந்து எங்கள் பணித்தாளில் கணுக்களுக்கு மூன்று கட்டாய வரிகள்: எத்தனை பார்க்கப்பட்டன, எத்தனையில் புற்று, உறை கடந்ததா. மூன்றாவதற்கு “ஆம்”, “இல்லை”, “கூறப்படவில்லை” என்ற மூன்றில் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். கூறப்படவில்லை என்பது இல்லை ஆகாது. அந்த விடை வந்தால் தாள் குழுவுக்குப் போகாது, எனக்குத் திரும்பி வரும்.

இந்தத் தாளால் ஆகாதவையும் உண்டு. மோசமாக எடுத்த படத்தை அது திருத்தாது. நோயாளியின் உடல் மருந்தைத் தாங்குமா, ஆறு வாரம் மருத்துவமனை அருகில் தங்க அவருக்கு இடமுண்டா என்பவை T, N, M எழுத்துகளில் இல்லை. குழு தனியே கேட்க வேண்டியவை. வெளியூர்த் திசு அறிக்கையுடன் வருபவருக்கு, அறிக்கையை மட்டும் பார்த்துத் தாளை நிரப்பக் கூடாது; கண்ணாடி வில்லைகளையும் மெழுகுக் கட்டைகளையும் வரவழைத்து, அவற்றின் எண்ணைத் தாளில் எழுத வேண்டும். அறுவைக்கு முன்பே மருந்துச் சிகிச்சை பெற்றவரின் திசுவை வகுக்கும்போது முன்னால் y என்ற எழுத்தைச் சேர்க்க வேண்டும்; சுருங்கிய கட்டியைப் புதிய கட்டியாக எண்ணிவிடலாகாது.

அலுவலர்களுக்கு ஒரு சொல். 1981இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தின் மருத்துவமனைப் பதிவேடுகளுக்கு நிலை பற்றிய விவரம் இத்தகைய தாள்களிலிருந்துதான் செல்கிறது. c வகுப்பையும் p வகுப்பையும் கலந்து அனுப்பும் மருத்துவமனையில், அறுவை அதிகம் நடந்த ஆண்டில் முற்றிய நோயாளிகள் திடீரெனப் பெருகியதுபோல் தோன்றும். நம் தறித் தொழிலாளியே சான்று: ஒரே உடல், ஒரே நோய், c வகுப்பில் மூன்றாம் நிலை, p வகுப்பில் நான்காம் நிலை. எந்த மாவட்டத்தில் நோயாளிகள் காலம் கடந்து வருகிறார்கள் என்று நீங்கள் கணக்கிடும்போது c வகுப்பைக் கேட்டு வாங்குங்கள்.

அறுவை நடந்த தேதிக்கும் கதிர்வீச்சு தொடங்கும் தேதிக்கும் தாளின் கடைசி வரியில் இடமுண்டு. இடைவெளி ஆறு வாரத்திற்குள் இருக்க வேண்டும். மறுவெட்டுகளுக்குப் பிறகும் என் அறிக்கை பதினொன்றாம் நாள் குழுவுக்குச் சென்றது. அவருக்குச் சிகிச்சை 37ஆம் நாள் தொடங்கிற்று.